உழவர் குழுவில் பொருளாளர் மாறுகிறாரா? ஆன்லைன் கணக்குகளை ஒப்படைக்கும் முறை

உங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவில் பொருளாளரோ செயலாளரோ மாறும்போது தீர்மானப் புத்தகம், ரசீது புத்தகம், காசோலைப் புத்தகம், பீரோ சாவி எல்லாம் எண்ணிப் பார்த்து ஒப்படைக்கப்படும். அதில் யாரும் தவறுவதில்லை. ஆனால் குழுவின் ஜிமெயில், ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக் கணக்கோடு இணைந்த செல்போன் எண், வாடகைப் பணம் வாங்கும் கியூஆர் அட்டை ஆகியவை பெரும்பாலும் பழைய பொருளாளரின் போனிலேயே தங்கிவிடுகின்றன. மூன்று நான்கு மாதம் கழித்து ஏதாவது ஒரு நாள் ஓடிபி தேவைப்படும்போதுதான் அது தெரியவரும். அந்த எண் அப்போது உபயோகத்தில் இல்லாமல் போயிருக்கும்.

இப்படி நடப்பதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ரீசார்ஜ் செய்யாமல் 90 நாட்கள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடக்கும் பிரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். சில மாதங்களில் அதே எண் வேறு யாரோ ஒருவருக்குப் புதிய இணைப்பாகப் போய்ச் சேரும். அதன்பின் உங்கள் குழுவின் ஓடிபி, முன்பின் தெரியாத ஒருவரின் போனில் ஒலிக்கும்.

ஆகவே ஆன்லைன் கணக்கை ஒப்படைப்பது என்றால் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது அல்ல. ஓடிபி போகும் எண்ணையும், பாஸ்வேர்டு மறந்தால் கடிதம் போகும் மின்னஞ்சலையும் புதியவர் பக்கம் திருப்புவதுதான் ஒப்படைப்பு. அதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு குழுவை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம்.

உதாரணக் குழு

தமிழ்நாட்டில் 2017-18 முதல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து, 100 பேர் கொண்ட ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு ஆனதும், பண்ணைக் கருவிகள் வாங்க ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி வழங்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு குழுவில் பவர் டில்லரும் விசைத்தெளிப்பான்களும் வாடகைக்கு ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சிறிய இடுபொருள் கடையும் உண்டு. அதற்காக ஜிஎஸ்டி பதிவு எடுத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பழைய பொருளாளர் அடுத்த மாதம் திருப்பூரில் மகன் வீட்டுக்குக் குடிபோகிறார். புதியவரைக் கூட்டத்தில் தேர்ந்தெடுத்தாகிவிட்டது.

இவர்கள் முதலில் செய்ய வேண்டியது, என்னென்ன கணக்குகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. இதை ஞாபகத்திலிருந்து எழுதினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். பழைய பொருளாளரின் போனில் வந்திருக்கும் குறுஞ்செய்திகளில் OTP என்று தேடிப் பாருங்கள். ஒரு வருடத்தில் யார் யார் ஓடிபி அனுப்பியிருக்கிறார்கள் என்பது வரிசையாகத் தெரியும். அதில் சொந்தக் கணக்குகளை ஒதுக்கிவிட்டால் மீதி குழுவினுடையது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் நான்கு விவரம் எழுதுங்கள்: கணக்கின் பெயர், இணைந்த செல்போன் எண், இணைந்த மின்னஞ்சல், கணக்கு யார் பெயரில் உள்ளது. பாஸ்வேர்டை இந்தத் தாளில் எழுத வேண்டாம்.

அடுத்தது தீர்மானம். வங்கியும் ஜிஎஸ்டியும் இதன் நகலைக் கேட்கும். “புதிய பொருளாளர் தேர்ந்தெடுக்கப்பட்டார்” என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்:

“இன்றைய கூட்டத்தில், முந்தைய பொருளாளருக்குப் பதிலாக இன்னார், தந்தை பெயர் இன்னது, பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்ன வங்கி, இன்ன கிளை, இன்ன எண் கணக்கில் முந்தைய பொருளாளரின் கையொப்ப அதிகாரத்தையும் இணைய வங்கி அனுமதியையும் ரத்து செய்து, தலைவரும் புதிய பொருளாளரும் கூட்டாகக் கையொப்பமிட அனுமதிக்கப்படுகிறது. கணக்கில் பதிவான செல்போன் எண்ணை இன்ன எண்ணாக மாற்றவும், ஜிஎஸ்டி கணக்கில் இவரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்க்கவும் தீர்மானிக்கப்படுகிறது.”

பழைய அனுமதியை ரத்து செய்யும் வரி இதில் அவசியம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வங்கி புதியவரைச் சேர்க்கும். பழையவரும் அப்படியே இருப்பார்.

முதலில் ஜிமெயில், அதுவும் பழைய போனிலேயே

குழுவின் ஜிமெயில்தான் மற்ற கணக்குகளுக்குத் தாய்க்கணக்கு. பாஸ்வேர்டு மறந்தால் மற்றவை எல்லாம் இங்கேதான் கடிதம் அனுப்பும். அதனால் இதிலிருந்து தொடங்குங்கள்.

பலர் செய்வது என்னவென்றால், பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தன் போனில் நுழைந்து, உடனே எண்ணை மாற்றப் பார்ப்பார்கள். இதுவரை பார்க்காத போனிலிருந்து வரும் இப்படிப்பட்ட மாற்றங்களை கூகுள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சில நாள் காத்திருக்கச் சொல்லவும் செய்யும். பழைய பொருளாளரின் போன் இரண்டு மூன்று வருடமாக அதே கணக்கில் இருக்கிறது. அந்தப் போனிலேயே மாற்றங்களைச் செய்தால் வேலை சுலபமாக முடியும். ஆகையால் இருவரும் இரண்டு போன்களோடு ஒரே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் போதும்.

பழைய போனில் Settings, அதில் Google, அதில் Manage your Google Account, பிறகு Security என்று உள்ளே போங்கள். Recovery phone என்ற இடத்தில் புதிய பொருளாளரின் எண்ணைப் போடுங்கள். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைப் பதிவு செய்தால் மாறிவிடும். Recovery email என்ற இடத்தில் பொருளாளரின் மின்னஞ்சலைப் போடாதீர்கள். தலைவரின் மின்னஞ்சலைப் போடுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் வழியாகத் திறக்க முடியும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே பக்கத்தில் 2-Step Verification இயங்கிக்கொண்டிருந்தால் அதற்கென்று ஒரு செல்போன் எண் தனியாக இருக்கும். Recovery phone மாறினாலும் இது தானாக மாறாது. உள்ளே போய்ப் புதிய எண்ணைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்க வேண்டும். அங்கேயே Backup codes என்று இருக்கும். அதைத் தொட்டால் எட்டு இலக்கம் கொண்ட 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும், ஓடிபிக்குப் பதிலாகச் செல்லும். இவற்றை எழுதி உறையில் போட்டு ஒட்டி, குழுவின் பீரோவில் வையுங்கள். போன் தொலைந்தாலும், கிணற்றில் விழுந்தாலும் இந்த உறை கைகொடுக்கும்.

பிறகு புதிய பொருளாளர் தன் போனில் குழுவின் ஜிமெயிலுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். நுழைந்த பிறகு பாஸ்வேர்டை அவரே மாற்றிக்கொள்ளட்டும். உடனே பழைய போனிலிருந்து கணக்கை எடுத்துவிட வேண்டாம். எண்ணை மாற்றிய பிறகும் 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்கே சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கும். ஒரு வாரம் கழித்து Your devices என்ற இடத்தில் பழைய போனைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றுங்கள்.

உறுப்பினர் பட்டியலும் வாடகைக் கணக்கும் கூகுள் ஷீட்டில் இருந்தால், அது குழுவின் ஜிமெயிலில் உள்ளதா, பழைய பொருளாளரின் சொந்த ஜிமெயிலில் உள்ளதா என்று பாருங்கள். சொந்தக் கணக்கில் இருந்தால் கம்ப்யூட்டரில் அந்த ஷீட்டைத் திறந்து, Share என்பதில் குழுவின் ஜிமெயிலைச் சேர்த்து, அதன் எதிரில் Transfer ownership கொடுக்க வேண்டும். குழுவின் ஜிமெயிலுக்கு வரும் கடிதத்தைத் திறந்து ஏற்றுக்கொண்டால்தான் உரிமை மாறும். வாட்ஸ்அப் குழுவுக்கு அதிக வேலை இல்லை. தலைவர், செயலாளர், புதிய பொருளாளர் மூவரையும் அட்மின் ஆக்கிவிட்டால் போதும்.

வங்கியில் பாஸ்வேர்டைக் கைமாற்றக் கூடாது

ஜிமெயில் குழுவுக்குப் பொதுவானது. வங்கி அப்படியல்ல. இணைய வங்கியின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அந்தத் தனி ஆளுக்குக் கொடுக்கப்பட்டவை. “என் பாஸ்வேர்டையே வைத்துக்கொள்ளுங்கள்” என்று பழையவர் அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாளை ஒரு தொகை தவறாகப் போனால், வங்கியின் பதிவில் அதைச் செய்தவர் பழைய பொருளாளர்தான். திருப்பூரில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் மனிதர் பதில் சொல்ல வேண்டி வரும்.

தீர்மான நகல், புதிய பொருளாளரின் ஆதார், பான், புகைப்படம் இவற்றோடு தலைவரும் புதிய பொருளாளரும் கிளைக்குப் போக வேண்டும். முடிந்தால் பழையவரும் உடன் வரட்டும். அங்கே மூன்று வேலைகளைத் தனித்தனியாகக் கேட்டு முடிக்க வேண்டும். கையொப்ப மாதிரியை மாற்றுவது முதலாவது. இதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். கணக்கில் பதிவான செல்போன் எண்ணை மாற்றுவது இரண்டாவது. கையொப்பம் மாறினால் எண்ணும் மாறிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தனி விண்ணப்பம் கேட்பார்கள். இணைய வங்கி வசதி எடுத்திருந்தால் பழையவரின் பயனர் பெயரை முடக்கி, புதியவருக்குப் புதிதாகப் பெறுவது மூன்றாவது.

வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு மூன்று நாட்கள் கழித்துக் குழுவின் கணக்கில் ரூ.100 கட்டிப் பாருங்கள். குறுஞ்செய்தி யார் போனுக்கு வருகிறது? புதியவருக்கு வந்தால் சரி. பழையவருக்கும் வந்தால் கிளைக்கு இன்னொரு முறை போக வேண்டும்.

கொட்டகைச் சுவரில் உள்ள கியூஆர் அட்டை

பணம் உண்மையிலேயே தவறான இடத்துக்குப் போவது இங்கேதான். குழுக்களுக்குப் போகும்போது சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆரை என் போனில் ஸ்கேன் செய்து பார்ப்பது எனக்கு வழக்கம். குழுவின் பெயர் வர வேண்டிய இடத்தில் பொருளாளரின் பெயர் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இருவர் கூட்டாகக் கையெழுத்திட வேண்டிய கணக்கை ஒருவரின் போனில் உள்ள யுபிஐ செயலியோடு இணைக்கப் பொதுவாக வங்கிகள் அனுமதிப்பதில்லை. அவசரத்துக்குப் பொருளாளர் தன் சொந்தக் கணக்கின் கியூஆரை அச்சடித்து ஒட்டிவிடுகிறார். வாரம் ஒருமுறை பணத்தை எடுத்துக் குழுக் கணக்கில் கட்டுகிறார். நேர்மையாகத்தான் நடக்கிறது. ஆனால் அந்த கியூஆரை யாருக்கும் ஒப்படைக்க முடியாது. அது அவருடைய சொந்த வங்கிக் கணக்கு. அவர் ஊரை விட்டுப் போன பிறகும் பழக்கப்பட்ட உறுப்பினர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்திருக்கும் அதே பெயருக்கு வாடகையை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

செய்ய வேண்டியது இரண்டுதான். குழுவின் வங்கிக் கிளையில் குழுக் கணக்குக்கே வணிகர் கியூஆர் கேளுங்கள். அதில் பணம் நேராகக் குழுக் கணக்கில் விழும். பொருளாளர் எத்தனை முறை மாறினாலும் அட்டை மாறாது. அது வரும் வரை ரொக்கமாக வாங்கி ரசீது போடுங்கள். புதிய பொருளாளரின் சொந்த கியூஆரை ஒட்டி அதே கதையை மறுபடி தொடங்க வேண்டாம். பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, “இனி இந்தப் பெயருக்கு அனுப்ப வேண்டாம்” என்று வாட்ஸ்அப் குழுவில் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். புதிய அட்டை வந்ததும் ஒரு ரூபாய் அனுப்பி, குழுவின் பெயர் வருகிறதா, பாஸ்புக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய பொருளாளரும் கடைசி ஒரு மாதத்துக்குத் தன் கணக்கு அறிக்கையை எடுத்து, வந்த வாடகையைத் தீர்மானப் புத்தகத்தில் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது அவருக்கே நல்லது.

ஜிஎஸ்டியில் பழையவரின் போன் கடைசி வரை தேவை

ஜிஎஸ்டி தளத்தில் ஓடிபி போவது முதன்மைக் கையொப்பதாரரின் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும். தளத்தில் நுழைந்ததும் Services, Registration, பிறகு Amendment of Registration Non-Core Fields என்று போக வேண்டும். அதில் Authorized Signatory பகுதியில் முதலில் புதியவரைச் சேருங்கள். தீர்மான நகலையும் புகைப்படத்தையும் ஏற்றச் சொல்லும். ஓடிபி மூலம் சமர்ப்பிப்பதானால், அந்த ஓடிபி பழையவரின் எண்ணுக்குத்தான் போகும். அதனால் அவர் அருகில் இருக்கும்போதே செய்யுங்கள். புதியவர் பெயர் பதிவில் ஏறிய பிறகு மீண்டும் உள்ளே போய் அவரை Primary Authorized Signatory ஆக்குங்கள். பழையவரை அதன்பிறகு நீக்கலாம்.

உங்கள் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகம் இதைச் செய்து கொடுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் வசதிக்காகக் கணக்கு எழுதுபவரின் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். அப்படி இருந்தால் பொருளாளரோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

நிறுவனமாகப் பதிவு செய்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இன்னும் ஒரு வேலை கூடுதல். இயக்குநர் மாறினால் 30 நாட்களுக்குள் டிஐஆர்-12 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். பென்டிரைவ் போல இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் தனி ஆளுக்கு உரியது. பழையவருடையதை வைத்துக்கொண்டு யாரும் கையொப்பமிடக் கூடாது. புதியவர் தனக்கென்று வாங்க வேண்டும்.

குழுவுக்கென்று தனி சிம்

ஒவ்வொரு முறையும் எண் மாற்ற வேண்டாமே என்று சில குழுக்கள் தனியாக ஒரு சிம் வாங்கி, அதைப் போனோடு கைமாற்றுகின்றன. நல்ல யோசனைதான், ஆனால் சிம் யாரோ ஒருவரின் ஆதாரில் வாங்கியதாகத்தான் இருக்கும். அது தொலைந்தால் மாற்று சிம் அவருக்கு மட்டுமே கிடைக்கும். அதனால் போனோடு நிறுத்தாமல், செல்போன் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு இருவரும் ஆதாருடன் போய்ப் பெயர் மாற்றமும் செய்ய வேண்டும். மாற்று சிம் போட்ட பிறகு முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. அன்றைக்கே வங்கி வேலையையோ ஜிஎஸ்டி தாக்கலையோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே கைநழுவியிருந்தால்

பழைய எண் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இன்றைக்கே ரீசார்ஜ் செய்யச் சொல்லி, செலவைக் குழு ஏற்றுக்கொள்ளட்டும். பழையவர் தொலைவில் இருந்தாலும் அவர் தன் போனில் மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து, புதிய எண்ணுக்கு வரும் ஓடிபியை நீங்கள் போனில் சொன்னால் ஜிமெயில் மாறிவிடும். அறிமுகமில்லாத யாருக்கும் ஓடிபி சொல்லக் கூடாது என்பது விதி. இது நீங்களே அழைத்து, குரல் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யும் வேலை. வங்கி ஓடிபியை மட்டும் இதிலும் சொல்ல வேண்டாம்.

எண் போய்விட்டது என்றால் ஜிமெயிலுக்கு g.co/recover என்ற முகவரியில் முயலுங்கள். அந்தக் கணக்கு முன்பு பயன்பட்ட போன் அல்லது கம்ப்யூட்டர் எங்காவது இருந்தால் அதிலிருந்து, வழக்கமாக இருந்த இடத்திலிருந்தே முயன்றால் வாய்ப்பு அதிகம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். அதோடு ஷீட்டும் படங்களும் போய்விடும்.

ஜிஎஸ்டி கணக்குக்கு உங்கள் பகுதி வரி அலுவலரிடம், பதிவுச் சான்று, தீர்மான நகல், புதியவரின் அடையாளச் சான்றுகளோடு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அவர் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றி, புதிய பாஸ்வேர்டு வரச் செய்ய முடியும். வங்கியில் எந்தச் சிக்கலும் இல்லை. கிளைக்குத் தீர்மானம்தான் வேண்டும், பழைய எண் தேவைப்படாது.

பொருளாளர் காலமாகிவிட்டால் குடும்பத்தாரிடம் ஒன்றை மட்டும் தயங்காமல் கேளுங்கள்: அந்த சிம்மை இரண்டு மாதம் நிறுத்தாமல், போனை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஜிமெயிலை அந்தப் போனிலிருந்து அவர்கள் முன்னிலையில் மாற்றிக்கொள்ளலாம். வங்கிக்கு அந்தப் போனை உபயோகிக்காமல், இறப்புச் சான்றிதழும் தீர்மானமும் கொண்டு கிளைக்கே போங்கள். சுவரில் அவர் பெயரில் கியூஆர் இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் விழும் குழுப் பணத்தை வாரிசுகள் வழியாகத்தான் பிறகு கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.